தாமதமான பில்லுக்கு வட்டி: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து அனுப்புகிறேன். 2025 ஜூன் 7 தேதியிட்ட பில், ஜிஎஸ்டி சேர்த்து 2,36,000 ரூபாய். ஆர்டரில் 'சரக்கு வந்து 30 நாளில் பணம்' என்று இருக்கிறது. செப்டம்பர் 8-இல் ஒரு லட்சமும், நவம்பர் 17-இல் மீதியும் வந்தன. என் பில்லின் அடியில் 'தாமதத்துக்கு ஆண்டுக்கு 24% வட்டி' என்று அச்சிட்டிருக்கிறேன். ஐந்து மாதம், மாதம் இரண்டு வட்டி என்று 23,600 ரூபாய் கேட்டேன். 'கணக்கே தப்பு, எங்கள் ஆர்டரில் வட்டியே கிடையாது' என்கிறார் அவர்களுடைய கணக்காளர். யார் சொல்வது சரி, ஐயா? உத்யம் பதிவு 2022 முதல் இருக்கிறது. உற்பத்திப் பிரிவில் குறு நிறுவனம்.

பதில்: கணக்கைப் பொறுத்தவரை கணக்காளர் சொல்வது சரி. வட்டியே கிடையாது என்பது மட்டும் சரியில்லை. முதலில் கணக்கை நேர் செய்துவிடுவோம்; தப்பான தொகையைக் கேட்டால் நியாயமான பங்கும் சேர்ந்து தள்ளுபடியாகிவிடும்.

வட்டி ஓடத் தொடங்குவது பில் தேதியிலிருந்து அல்ல, கெடு முடிந்த மறுநாளிலிருந்து. உங்கள் கெடு சரக்கு போய்ச் சேர்ந்த நாளோடு கட்டப்பட்டிருக்கிறது. எனவே டெலிவரி சலானை எடுத்துப் பாருங்கள். கம்பெனி வாசலில் காவலாளி குத்தும் 'உள்ளே வந்தது' முத்திரையில் ஒரு தேதி இருக்கும். வேலந்தாவளம் தாண்டி ஒரு மணி நேரத்தில் கோவை என்றாலும், பில் போட்ட நாளும் வண்டி உள்ளே போன நாளும் ஒன்றாக இருப்பதில்லை. முத்திரையில் ஜூன் 10 என்று வைத்துக்கொள்கிறேன். அதிலிருந்து 30 நாள் என்றால் கெடு ஜூலை 10. ஜூலை 11 தான் வட்டியின் முதல் நாள். நீங்கள் கெடுவுக்குள் இருந்த ஒரு மாதத்துக்கும் வட்டி போட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது பிசகு பெரியது. செப்டம்பர் 8-இல் ஒரு லட்சம் வந்த பிறகும் முழு 2,36,000-க்கே வட்டி ஓட்டியிருக்கிறீர்கள். பணம் வந்த நாளோடு ஒரு கணக்கை முடித்து, மீதிக்குப் புதுக் கணக்கு தொடங்க வேண்டும். வந்த பணத்தை முதலில் வட்டியில் கழிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பில் எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் அனுப்பியிருந்தால் அசலில் கழித்துவிடுங்கள், வாதத்துக்கு இடமிருக்காது.

ஜூலை 10-இலிருந்து செப்டம்பர் 8 வரை 60 நாள். 2,36,000-க்கு 24% என்றால் ஆண்டுக்கு 56,640. அதை 365-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 9,310.68 ரூபாய். அடுத்து, மீதி 1,36,000-க்கு செப்டம்பர் 8-இலிருந்து நவம்பர் 17 வரை 70 நாள், 6,259.73 ரூபாய். மொத்தம் 15,570.41. நீங்கள் கேட்டதைவிட எட்டாயிரம் ரூபாய் குறைவு. இதில் வட்டிக்கு வட்டி இல்லை. ஒப்பந்தத்தில் எழுதாதவரை தனிவட்டிதான்.

கணினியில் இதை ஒரே வரியில் போடலாம். A2 நிலுவைத் தொகை, B2 கெடு நாள், C2 பணம் வந்த நாள், D2 ஆண்டு வட்டி விகிதம்:

```
=ROUND(A2*D2*MAX(0,C2-B2)/365,2)
```

தேதியிலிருந்து தேதியைக் கழித்தாலே கெடு நாள் விலகி, பணம் வந்த நாள் சேர்ந்துவிடும். MAX இல்லாவிட்டால் முன்கூட்டியே பணம் தந்தவருக்கு நீங்கள் வட்டி தர வேண்டியதுபோல் கழித்தல் குறி காட்டும். விடை வராமல் பிழை காட்டினால், தேதி வெறும் எழுத்தாகப் பதிந்திருக்கிறது என்று பொருள்.

இனி 'ஆர்டரில் வட்டியே இல்லை' என்ற பேச்சு. பில்லின் அடியில் நீங்களாக அச்சிட்ட 24% அவர்களைக் கட்டுப்படுத்துமா என்பது வழக்காடத் தக்க விஷயம். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பார்கள். ஆண்டுக்கணக்கில் மறுக்காமல் பில்லை வாங்கினீர்களே என்பீர்கள். இந்த இழுபறியில் இறங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15, 16-ஆம் பிரிவுகள் குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டி உரிமையை நேரடியாகவே தருகின்றன. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், எழுதாவிட்டாலும் அது பொருந்தும். கெடு ஒப்புக்கொண்ட நாள்தான், ஆனால் 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடுவே பேசாவிட்டால் 15 நாள். சரக்கில் குறை என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படிக் கடிதம் ஏதும் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தரும் விகிதம் ரிசர்வ் வங்கியின் 'வங்கி விகித'த்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. உங்கள் தாமதக் காலம் முழுவதும் வங்கி விகிதம் 5.75% ஆக இருந்தது. மூன்று மடங்கு 17.25%. அந்த வழியில் போட்டால் 11,400 ரூபாயை ஒட்டி வரும். கூட்டுவட்டி என்றதும் கூடுதலாக வரும் என்று நினைக்காதீர்கள். நான்கு மாதத் தாமதத்தில் கூட்டுவட்டியைவிட விகிதம்தான் பேசும். ஆனால் இந்தத் தொகைக்கு அவர்களுடைய சம்மதம் தேவையில்லை. என் கருத்தில் உங்கள் உறுதியான கோரிக்கை இதுதான். 15,570 பேரம் பேசத் தொடங்கும் தொகை.

தராவிட்டால் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். வாங்கியவர் தமிழ்நாட்டில் இருந்தாலும் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. சரக்கு கொடுத்தவர் இருக்கும் மாநிலத்து மன்றத்துக்கே அதிகாரம் உண்டு, அதாவது கேரளத்தில். சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு எடுத்திருப்பது உங்களுக்குப் பெரிய பலம். பிறகு பதிந்தவர்களின் நிலைதான் இன்னும் வழக்கில் கிடக்கிறது. ஆனாலும் பதினோராயிரத்துக்காக, தொடர்ந்து ஆர்டர் தரும் கம்பெனியை உடனே மன்றத்துக்கு இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் நாட்கணக்கை ஒரு தாளில் போட்டு, சலான் நகலோடு டெபிட் நோட்டாக அனுப்புங்கள். தாளில் 23,600 இல்லை என்று கண்டாலே கணக்காளரின் குரல் இறங்கும்.

அந்த டெபிட் நோட்டில் ஜிஎஸ்டியை மறந்துவிடாதீர்கள். தாமத வட்டியும் சரக்கின் மதிப்பில் சேரும். பில்லுக்கு 18% என்றால் வட்டிக்கும் அதே 18%. மாநிலம் தாண்டிய விற்பனை என்பதால் ஐஜிஎஸ்டி. 11,400 கேட்டால் அதற்கு மேல் 2,052 வரி. கம்பெனி இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வரியைத் தனியாகக் காட்டாமல் வெறும் 11,400 வாங்கினால் அதற்குள்ளேயே வரி அடங்கியதாகி, 1,739 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும். கட்ட வேண்டிய பொறுப்பு வட்டி கைக்கு வந்த பிறகுதான். வராத வட்டிக்கு முன்கூட்டியே கட்ட வேண்டாம்.

அடுத்த ஆர்டர் வரும்போது, கெடு எந்த நாளிலிருந்து, தாமதத்துக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் அவர்களுடைய ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.