கார் கடனை முன்னாடியே அடைத்தால் வட்டி ஏன் இவ்வளவு குறைவாகத் திரும்புகிறது?

"சிங்கப்பூரில் 5 வருடக் கார் கடன், மொத்த வட்டி 9,000 வெள்ளி. 3 வருடத்தில் அடைத்தால் மீதி 2 வருட வட்டி 3,600 தள்ளுபடி ஆகாதா?"

ஆகாது, ஏறக்குறைய 1,475தான் கிடைக்கும். காரணம் 78 விதி. 12 மாதக் கடனில் முதல் மாதத்துக்கு 12 பங்கு, அடுத்த மாதத்துக்கு 11 என்று இறங்கி கடைசி மாதத்துக்கு 1 பங்கு வட்டி. எல்லாம் கூட்டினால் 78, பெயர் அங்கிருந்துதான் வந்தது. அதாவது வட்டியின் பெரும்பகுதியை ஆரம்ப மாதங்களிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு 60 மாதம், 1 முதல் 60 வரை கூட்டினால் 1,830. மிச்சம் 24 மாதம், 1 முதல் 24 வரை கூட்டினால் 300. சரி, இப்போது கணக்கு இதுதான்:

9,000 × 300 ÷ 1,830 = 1,475

அசல் 60,000 என்றால் தவணை 1,150, மீதி 24 தவணை 27,600. அதில் இந்த 1,475 கழித்து 26,125 கட்ட வேண்டும். அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், தள்ளுபடியிலேயே 20 சதவீதத்தைக் கட்டணமாகப் பிடிப்பது அங்கே வழக்கம், பிடித்தால் கையில் நிற்பது 1,180தான். அடைக்கிற எண்ணம் இருந்தால் முதல் வருடத்திலேயே யோசியுங்கள், கடைசி வருடத்தில் மிச்சமாவது மிகச் சொற்பம்.