மில் இல்லாத ஊரில் சாம்பார்ப்பொடி

"அக்கா, நானும் கொருக்குப்பேட்டைதான். வேலை கிடைத்து ஜெர்மனி வந்திருக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய சாம்பார்ப்பொடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கட்டி தட்டி, வாசனையும் போய்விட்டது. கடைப் பொட்டலம் நம் ருசிக்கு வரவில்லை. மில் இல்லாமல் வீட்டிலேயே வறுத்து அரைக்க முடியுமா? எப்படிக் கெடாமல் வைப்பது?"

முடியும் தம்பி. நான் அங்கேதான் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது விடுமுறைக்குப் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்திருப்பதால், அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். மொட்டை மாடியில் மிளகாயும் தனியாவும் காய்கின்றன, நாளைக்கு மில்லுக்குப் போகிறோம்.

அம்மா செய்வதைப் பார்த்தால், வறுப்பதும் அரைப்பதும் பாதி வேலைதான். ஈரத்தை விரட்டுவதுதான் மீதிப் பாதி. வெயிலில் காய வைக்கிறார், மில்லிலிருந்து சுடச்சுட வந்த மாவைச் செய்தித்தாளில் பரப்பி ஆறவிடுகிறார், ஆறிய பிறகே டப்பாவில் போடுகிறார். உங்கள் பொடிக்கு நடந்ததும் ஈரத்தின் வேலைதான். அடுப்புப் பக்கத்தில் சூடும் ஆவியும் சேர்ந்து அடிக்கும். கொதிக்கும் சாம்பாருக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துக் கொட்டினால் ஆவி நேராக உள்ளே போய்விடும். பருப்பு மாவு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு கட்டியாகிவிடும். சூட்டில் வாசனையும் சீக்கிரம் பறந்துவிடும்.

தனியாள் சமையலுக்கு நிறைய அரைக்க வேண்டாம். தனியா 100 கிராம், காய்ந்த மிளகாய் 50 கிராம், துவரம் பருப்பு 25 கிராம், கடலைப் பருப்பு 25 கிராம், மிளகும் சீரகமும் பத்துப் பத்து கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. எடை போடத் தராசு இருந்தால் நல்லது, ஏனென்றால் மிளகாயை எண்ணிப் போட்டால் ஒவ்வொரு ரகத்துக்கும் காரம் மாறிவிடும். மிளகாயில் பாதியைக் காஷ்மீர் மிளகாயாகப் போட்டால் நிறம் வரும், காரம் அடங்கும். "50 கிராம் எந்த மூலைக்கு? 75 போடச் சொல்" என்கிறார் அம்மா. நம் பக்கத்து நாக்குக்கு அதுதான் சரி, ஆனால் முதல் தடவை ஐம்பதிலேயே தொடங்குங்கள். பருப்பை மட்டும் கூட்டாதீர்கள். குழம்பில் ஏற்கெனவே வெந்த பருப்பு இருக்கிறது. பொடியிலும் கூடினால் சாம்பார் ஆற ஆறக் கூழாகி, மாவு ருசி தட்டும்.

வறுப்பதில் ஒரே சட்டம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எண்ணெய் வேண்டாம், அடி கனமான வாணலி, குறைந்த சூடு. பருப்புகள்தான் அதிக நேரம் எடுக்கும். வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும் பருப்புதான் பொடியைக் கெடுக்கிறது. அதனால் பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருந்து, பொன்னிறமானதும் ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். கடுக்கென்று உடைந்து, நடுவிலும் வறுபட்ட மணம் வந்தால் போதும். தனியாவைச் சிவக்க விடாதீர்கள். கையில் அள்ளினால் நன்றாகச் சுட வேண்டும், விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும், நிறம் லேசாக மாறியிருந்தால் போதும். அதற்குமேல் போனால் மணம் வாணலியோடு போய்விடும். வெந்தயம் கடைசியில் ஒரு நிமிடம், சற்றுச் சிவந்தவுடன் இறக்குங்கள். கருகிய வெந்தயம் ஒரு சிட்டிகை இருந்தாலும் பொடி முழுக்கக் கசக்கும், அதற்குப் பிறகு மருந்தில்லை. மிளகும் சீரகமும் சூடேறினால் போதும். கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை வாட வேண்டும்.

அங்கே இருக்கும் மின்சார அடுப்பில் ஒரு வம்பு உண்டு. கண்ணாடித் தட்டு அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாகவே இருக்கும். கேஸ் அடுப்புப் பழக்கத்தில் அணைத்துவிட்டு வாணலியை அங்கேயே விட்டால் எல்லாம் தொடர்ந்து வறுபடும். பதம் வந்தவுடன் தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே ஆறவிடாதீர்கள்.

மிளகாயை மட்டும் வாணலியில் வறுக்காதீர்கள். குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்திய சின்ன வீட்டில் மிளகாய் நெடி ஏறினால், நீங்கள் மட்டுமல்ல, மாடிப்படி முழுக்க இருமும். புகை எச்சரிக்கைக் கருவி வேறு அலறலாம். ஓவனில் 80 டிகிரி வைத்து, தட்டில் பரப்பி, கதவை ஒரு மரக்கரண்டி கொடுத்து லேசாகத் திறந்து வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். கதவைத் திறப்பது ஈரம் வெளியேறத்தான். சூடாக இருக்கும்போது காய்ந்த மிளகாயும் தோல்போல வளையும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆறிய பிறகு ஒன்றை வளையுங்கள். சடக்கென்று ஒடிந்தால் அரைக்கலாம். வளைந்தால் இன்னும் கால் மணி நேரம் உள்ளே தள்ளுங்கள். காம்பைக் காய்ந்த பிறகு கிள்ளினால் சுலபமாக வரும்.

எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மிக்சி. நம் ஊர் மிக்சி அங்கே 230 வோல்ட்டில் அப்படியே ஓடும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். முதலில் பருப்பையும் வெந்தயத்தையும் அரைத்து, பிறகு மிளகாய், கடைசியில் தனியாவும் மற்றவையும். அரை நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், ஜாரைத் தொட்டுப் பாருங்கள், சூடேறியிருந்தால் காத்திருங்கள். சல்லடையில் நிற்கும் கப்பியை மறுபடி போட்டு அரைக்கலாம். மில் பதம் வராது, சற்றுக் கொரகொரப்பாகவே இருக்கும். சாம்பாருக்கு அது குறையில்லை.

அரைத்த பொடியில் மஞ்சளைக் கலந்து, தாளில் பரப்பி, முழுக்க ஆறவிடுங்கள். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெதுவெதுப்பாகப் போட்டு மூடினால் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி நிற்கும், அது பொடியில் விழுந்த இடத்தில் கட்டியும் பிறகு பூஞ்சையும் வரும். பாட்டில் கண்ணாடியாக, முதல் நாளே கழுவிக் காய்ந்ததாக இருக்கட்டும்.

மேலே சொன்ன அளவுக்கு 200 கிராமுக்குமேல் பொடி வரும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஆனதைச் சின்னப் பாட்டிலில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி இருக்கும் இருட்டான அலமாரியில் வையுங்கள். மீதியை இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் மணமும் நிற்கும், வண்டும் வராது. அடுத்த பாட்டிலை எடுக்கும்போது, குளிர்ந்த மூடியை உடனே திறக்காதீர்கள். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த பொடியில் பட்டு நீராகிவிடும். ராத்திரி வெளியே எடுத்து வைத்துக் காலையில் திறங்கள். எடுக்க உலர்ந்த கரண்டி, அதுவும் பானைக்கு மேலே வேண்டாம்.

இப்போது உங்களிடம் இருக்கும் அம்மா கொடுத்த பொடியையும் பாருங்கள். கட்டியை நசுக்கினால் உதிர்ந்து, மணம் கொஞ்சமாவது இருந்தால், சூடான வாணலியில் ஒரு நிமிடம் புரட்டி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். பழைய எண்ணெய் வாடை, நூல்போலப் பின்னல், பச்சையோ வெள்ளையோ படர்ந்த புள்ளி, இவற்றில் எது இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பொடியை மீன் குழம்பில் போடாதீர்கள். காசிமேட்டு மீன் சாப்பிட்டு வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பருப்பு விழுந்தால் புளிக்குழம்பு மந்தமாகிவிடும். அதற்குப் பருப்பில்லாத மிளகாய்த்தூளைத் தனியாக அரைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது ஊரிலிருந்து வந்தால் அரைத்த பொடியைக் கேட்பதைவிட, கொத்தவால்சாவடியில் நல்ல மிளகாயாக வாங்கி முழுசாகக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். முழு மிளகாய் பொடியைவிட அதிக நாள் தாங்கும், தனியாவும் பருப்பும் அங்கேயே கிடைக்கும்.