4 பிட் லுக்-அஹெட் ஆடர் ஏன் ரிப்பிள் ஆடரைப் போலவே மெதுவாக இருக்கிறது?

கேள்வி: டிஜிட்டல் லாஜிக் லேபில் 7486, 7408, 7432 ஐசிகளை வைத்து 4 பிட் ரிப்பிள் கேரி ஆடரையும் கேரி லுக்-அஹெட் ஆடரையும் கட்டினோம். புத்தகப்படி கடைசிக் கேரி வர ரிப்பிளுக்கு 9 கேட் தாமதம், லுக்-அஹெட்டுக்கு 3. ஆனால் ஆஸிலோஸ்கோப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எங்கே தப்பு?

பதில்:

உங்கள் வயரிங்கில் தப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. புத்தகத்தில் உள்ள 3, ஐந்து உள்ளீடுகள் கொண்ட கேட்கள் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. உங்களிடம் இருப்பவை இரண்டு உள்ளீட்டுக் கேட்கள். அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோத்தால் லுக்-அஹெட்டுக்கும் அதே 9 தான் வரும். எப்படி வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்பதைக் கேட் கேட்டாக எண்ணிக் காட்டுகிறேன்.

முதலில் ஒரு ஒப்பந்தம். ஆண்ட், ஆர், எக்ஸார் எல்லாவற்றுக்கும் தாமதம் ஒரு அலகு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் புத்தகத்தின் 9-ம் 3-ம் இப்படி எண்ணியவைதான். சில புத்தகங்கள் எக்ஸாருக்கு இரண்டு அலகு கொடுக்கும். அப்போது கடைசிக் கேரிக்கு 10-ம் 4-ம் வரும். இந்த அனுமானத்தை எழுதாமல் எண்ணை மட்டும் ரெக்கார்டில் எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ரிப்பிளில் p = A⊕B, g = AB இரண்டும் எல்லா பிட்டுகளுக்கும் முதல் அலகிலேயே தயாராகிவிடும். அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் கேரி ஒரு ஆண்ட், ஒரு ஆர் ஆகிய இரண்டைத் தாண்டியாக வேண்டும். c1 மூன்றாவது அலகில், c2 ஐந்தில், c3 ஏழில், c4 ஒன்பதில். s3 என்பது c3 வந்தபின் இன்னும் ஒரு எக்ஸார், ஆகவே எட்டில். பொதுவாக n பிட்டுக்குக் கடைசிக் கேரி 2n + 1, கடைசிக் கூட்டல் பிட் 2n.

இந்த 9 எல்லா எண்களுக்கும் வராது. 0101, 1010 ஆகியவற்றை c0 = 0 என வைத்துக் கூட்டினால் எந்தக் கட்டத்திலும் கேரியே பிறக்காது. விடை உடனே வந்துவிடும், இரண்டு சுற்றுகளும் சமமாகத்தான் தெரியும். பல லேப்களில் ஒப்பீடு இங்கேயே படுத்துவிடுகிறது. முழு 9-ஐயும் வரவழைக்க B = 0000, c0 = 1 என நிலையாகக் கட்டிவிடுங்கள். A3, A2, A1 மூன்றையும் 1-இல் வையுங்கள். A0-வில் மட்டும் ஃபங்ஷன் ஜெனரேட்டரின் டிடிஎல் சதுர அலையைக் கொடுங்கள். A0 பூஜ்யமாக இருக்கும்போது விடை 15. ஒன்றாக மாறியதும் விடை 16 ஆக வேண்டும்.

அந்த 15 எப்படி 16 ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டாவது அலகில் s0 விழுகிறது, விடை 14. நான்காவதில் s1 விழுகிறது, 12. ஆறாவதில் 8. எட்டாவதில் நான்கு பிட்டுகளும் பூஜ்யம், கேரியும் இன்னும் வரவில்லை, விடை 0. ஒன்பதாவது அலகில்தான் c4 எழுந்து 16 ஆகிறது. 15-க்கும் 16-க்கும் நடுவில் ஆடர் நான்கு பொய் சொல்லிவிடுகிறது. ரிப்பிள் என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்பதை எந்த வரைபடத்தையும்விட இந்த 14, 12, 8, 0 நன்றாகக் காட்டிவிடும்.

இனி லுக்-அஹெட். c3-க்காகக் காத்திருக்காமல் c4-ஐ நேராக எழுதிவிடுகிறோம்:

```
c4 = g3 + p3 g2 + p3 p2 g1 + p3 p2 p1 g0 + p3 p2 p1 p0 c0
```

p, g வர ஓர் அலகு, பெருக்கல்களுக்கு ஓர் ஆண்ட், எல்லாவற்றையும் சேர்க்க ஓர் ஆர். மொத்தம் 3. ஆனால் கடைசி உறுப்பைப் பாருங்கள். அது ஐந்து உள்ளீட்டு ஆண்ட். வெளியே நிற்கும் ஆர் கேட்டுக்கும் ஐந்து உள்ளீடு. 7408-இலும் 7432-இலும் ஒரு கேட்டுக்கு இரண்டு உள்ளீடுதான்.

சூத்திரத்தைப் பார்த்து வயர் செருகிக்கொண்டே போகும் மாணவர் என்ன செய்வார்? c0-வை p0-வோடு சேர்ப்பார், வந்ததை p1-ஓடு, பிறகு p2, பிறகு p3. நான்கு ஆண்ட் கேட்கள் வரிசையாக. பிறகு அந்த நீண்ட உறுப்பையே முதல் ஆர் கேட்டில் கொடுத்து, மற்ற உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வருவார். அதில் நான்கு ஆர் கேட்கள். p0-வுக்கு ஒன்று, ஆண்டுகளுக்கு நான்கு, ஆர்களுக்கு நான்கு. கூட்டினால் 9. ரிப்பிளின் அதே 9. உங்கள் பிரெட்போர்டிலும் அநேகமாக இதுதான் இருக்கும்.

இத்தனைக்கும் ஐசி செலவு இரட்டிப்பு. ரிப்பிளுக்கு 8 எக்ஸார், 8 ஆண்ட், 4 ஆர். ஐந்து ஐசியில் முடிந்துவிடும். லுக்-அஹெட்டில் எந்த உறுப்பையும் பகிராமல் கட்டினால் 8 எக்ஸார், 24 ஆண்ட், 10 ஆர், பதினோரு ஐசி. இவ்வளவு வயரையும் செருகிவிட்டு அதே 9-ஐப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

சரிசெய்ய ஒரு ஐசிகூட அதிகம் வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றினால் போதும். தாமதமாக வரும் சிக்னல் கடைசியில் நுழைய வேண்டும். இது ஒன்றுதான் விதி. ஆர் சங்கிலியை g3-இலிருந்து தொடங்குங்கள், நீண்ட உறுப்பைக் கடைசி ஆர் கேட்டில் சேருங்கள். இப்போது எண்ணலாம். g3 ஒன்றாவது அலகில் தயார். p3g2 இரண்டில் வருகிறது, ஆர் முடிய 3. மூன்று உள்ளீட்டு உறுப்பு மூன்றில் வருகிறது, ஆர் முடிய 4. நான்கு உள்ளீட்டு உறுப்பு நான்கில் வருகிறது, ஆர் முடிய 5. ஐந்து உள்ளீட்டு உறுப்பும் ஐந்தில்தான் வருகிறது, கடைசி ஆர் முடிய 6. ஒரு கேட் வேலை முடிக்கும் நேரத்தில் அடுத்த உறுப்பு வாசலில் நிற்கிறது, எந்தக் கேட்டும் சும்மா காத்திருப்பதில்லை. ஆக 9 என்பது 6 ஆயிற்று.

அதே விதியை ஆண்ட் சங்கிலிக்குள்ளும் கொண்டுபோங்கள். c0-வை முதலில் அல்ல, கடைசியில் சேருங்கள். முதலில் p0p1, பிறகு p2, பிறகு p3, அதன்பின் c0. மேலே சொன்ன A0 சோதனையில் இதனால் ஒன்றும் மாறாது, 6 அப்படியே இருக்கும். ஆனால் இப்போது A = 1111, B = 0000 என நிலையாக வைத்து, சதுர அலையை c0-வில் கொடுத்துப் பாருங்கள். ரிப்பிளில் c0 நான்கு கட்டங்களையும் தாண்ட வேண்டும், p-க்கள் ஏற்கெனவே தயார் என்பதால் 8 அலகு. லுக்-அஹெட்டில் ஓர் ஆண்ட், ஓர் ஆர், வெறும் 2. பழைய வரிசையில் இதுவும் நான்கு ஆண்ட், நான்கு ஆர் என்று 8 ஆகத்தான் இருந்திருக்கும்.

74எல்எஸ் வரிசை ஐசிகளில் ஒரு கேட்டின் தாமதம் சுமாராகப் பத்து நானோநொடி. 7432-ம் 7486-ம் பொதுவாக 7408-ஐவிடச் சற்று மெதுவானவை, ஆகவே துல்லியமான மடங்கை எதிர்பார்க்காதீர்கள். A0 சோதனையில் 90-க்கு 60 என்பது 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் சங்கடமான இடைவெளி. அந்த ஸ்கோப்பின் சொந்த எழும் நேரமே 0.35-ஐ 20 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் 17.5 நானோநொடி. சாய்ந்த விளிம்புகளுக்கு நடுவில் கணக்கைத் தொலைத்துவிடுவீர்கள். c0 சோதனையில் 80-க்கு 20, கண்ணுக்குத் தப்பாது. முதல் சானலில் c0, இரண்டாவதில் c4, டிரிக்கர் முதல் சானலில். இரண்டுக்கும் ஒரே வகைப் புரோப் வையுங்கள், ஒரு புரோப் 1x-இலும் இன்னொன்று 10x-இலும் இருந்தால் வித்தியாசத்தில் பாதி புரோப்புடையதாக இருக்கும். பதினோரு ஐசி உள்ள போர்டில் ஒவ்வொரு ஐசிக்கும் அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லையென்றால் விளிம்புகள் நடுங்கும். எல்இடி வைத்து வேகத்தை ஒப்பிடச் சொல்லும் லேப் மேனுவல்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

இந்த 8-க்கு 2 என்பது வெறும் லேப் தந்திரமல்ல, அகலமான ஆடர்களில் லாபம் அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் கட்டிய அதே நான்கு பிட் தொகுதியை நான்கு முறை வரிசையாக வைத்து 16 பிட் ஆடர் செய்யுங்கள், இரண்டு உள்ளீட்டுக் கேட்கள் மட்டுமே போதும். முதல் தொகுதியின் c4 வர 6. அதற்குள் மற்றத் தொகுதிகளில் p-க்களின் பெருக்கல், ஆர் சங்கிலியின் முன்பகுதி எல்லாம் ஐந்தாவது அலகுக்குள் முடிந்து காத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு தொகுதியையும் கேரி தாண்ட 2 அலகுதான்: c8 எட்டில், c12 பத்தில், c16 பன்னிரண்டில். கடைசியாக வரும் கூட்டல் பிட் s15. c12 பத்தில் வருகிறது, c15-க்கு இன்னும் 2, எக்ஸாருக்கு 1, ஆக 13. ரிப்பிளில் இதே c16-க்கு 33, s15-க்கு 32.

புத்தகத்தின் ஐந்து உள்ளீட்டுக் கேட்களை வைத்து இதையே எண்ணினால் c16-க்கு 9, s15-க்கு 10. 12-க்கும் 9-க்கும் உள்ள தூரம் 33-க்கு முன்னால் பெரிதல்ல. தொகுதிகளுக்கு மேலே இன்னொரு லுக்-அஹெட் அடுக்கை வைத்தால் புத்தகக் கணக்கில் c16 ஐந்திலும் s15 எட்டிலும் வந்துவிடும். 16 பிட்டோடு நிற்பதானால் அந்தக் கூடுதல் அடுக்குக்காக லேபில் மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. 64 பிட் என்றால் பேச்சே வேறு.

வைவாவுக்குப் போகுமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில லேப்களில் ரிப்பிளுக்கு உதாரணமாக இரண்டு 7483-ஐயோ 74283-ஐயோ வரிசையாக இணைக்கச் சொல்வார்கள். அந்த ஐசிகளுக்குள்ளேயே நான்கு பிட்டுக்கும் லுக்-அஹெட் இருக்கிறது. தொகுதிகளுக்கு இடையில் மட்டும்தான் கேரி அங்கே ரிப்பிள் ஆகிறது. ஆகவே அதில் கிடைத்த நானோநொடிகளை 8 பிட் ரிப்பிளின் 17 அலகோடு பொருத்திப் பார்த்தால் ஒருபோதும் ஒத்துவராது.