வான் பாயுது, வான் பாயுது: எழுத்தாகிய பேச்சைத் துப்புரவாக்குதல்

*அன்புள்ள ஐயா,*

*என் அம்மப்பா இரணைமடுக் குளத்துக்குக் கீழே கமம் செய்தவர். அவர் பழங்கதை சொல்வதைக் கைபேசியில் பதிவுசெய்து, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடம் கொடுத்தேன். ‘வந்து’, ‘அந்த’ என்ற சொற்கள் வரிக்கு வரி நிறைந்திருக்கின்றன; சொன்னதே திரும்ப வருகிறது; முற்றுப்புள்ளி கண்ட இடமெல்லாம் விழுந்திருக்கிறது. ‘வந்து’ முழுவதையும் கணினியில் ஒரே தடவையில் அழித்துவிடலாமா? இதைச் சிறு நூலாக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?*

*வாசகர், கிளிநொச்சி*

அன்புள்ள வாசகருக்கு,

ஒரே தடவையில் அழிக்க வேண்டாம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பக்கத்திலிருந்தே சில வரிகளை எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் தந்தது இது:

> அப்ப வந்து இரணைமடுவில. தண்ணி வந்து. வந்துகொண்டே இருக்கு வான் பாயுது வான் பாயுது எண்டு சனம் எல்லாம் சொல்லி. நாங்கள் வந்து நாங்கள் கட்டுக்கு ஓடிப் போய். பாத்தா அந்த அந்த துருசடியில ஒருத்தரும் இல்லை என்ன. அப்பு வந்தவரோ. இல்லை அப்பு வரேல்லை.

இதில் ‘வந்து’ நான்கு இடங்களில் இருக்கிறது. ‘அப்ப வந்து’ என்பதிலும் ‘நாங்கள் வந்து நாங்கள்’ என்பதிலும் அது அடுத்த சொல் நாவுக்கு வரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் நிரப்புச் சொல். எடுத்தால் பொருள் குறையாது. ‘வந்துகொண்டே’ என்பதில் அது வினை. எடுத்தால் ‘தண்ணி கொண்டே இருக்கு’ என்று வசனம் உடைந்துவிடும். ‘தண்ணி வந்து’ என்பதைப் பக்கத்தைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. அது தயக்கமாகவும் இருக்கலாம், தண்ணீர் ஓயாமல் வந்ததைச் சொல்லும் ‘வந்து வந்து’ என்ற அடுக்காகவும் இருக்கலாம். தயங்குபவர் முதல் ‘வந்து’வின் கடைசி உகரத்தை இழுத்து, நிறுத்தி, பிறகே தொடர்வார், அடுக்கிச் சொல்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். இங்கே மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் புள்ளி வைத்திருப்பதால் இடைவெளி இருந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனாலும் ஒலிப்பதிவைக் கேட்டே முடிவுசெய்யுங்கள். பிழையான புள்ளிகளை முதலிலேயே மொத்தமாக நீக்கக்கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். வசனம் எங்கே முடிகிறது என்பதற்கு அவை சான்றல்ல. பேச்சு எங்கே நின்றிருக்கக்கூடும் என்பதற்குப் பல இடங்களில் அவையே அடையாளம்.

ஆகவே வேலையின் ஒழுங்கு இப்படி அமையட்டும்: முதலில் நிரப்புச் சொற்கள், அடுத்து மறுபடி வருபவை, கடைசியில் நிறுத்தக்குறிகள். நிரப்புச் சொல் போன பிறகுதான் சில இரட்டிப்புகள் கண்ணில் படும். ‘நாங்கள் வந்து நாங்கள்’ என்பதில் நடுச்சொல் நீங்கினால் அவர் தொடங்கி விட்டு மறுபடி தொடங்கியது தெளிவாகிறது. அங்கே ஒரு ‘நாங்கள்’ போதும். ‘அந்த அந்த’ என்பதும் சொல் தேடிய தடுமாற்றமே. முன்பே பேசிய துருசைச் சுட்டினால் ஒன்றை வைத்து ‘அந்தத் துருசடியில’ என்று எழுதலாம். புதிதாகச் சொன்னால் இரண்டையும் எடுத்துவிடலாம்.

‘வான் பாயுது வான் பாயுது’ என்பதைத் தொடவே கூடாது. அச்சத்திலும் விரைவிலும் ஒரு சொல்லை இரண்டு மூன்று முறை அடுக்குவதை நம் இலக்கணம் அடுக்குத்தொடர் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. குளம் நிறைந்து வான் பாயும்போது கட்டோரம் நிற்கிற சனம் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு நிற்காது. அதை ஒன்றாக்கினால் உங்கள் நூலில் செய்தி எஞ்சும், கூக்குரல் போய்விடும். ‘மெல்ல மெல்ல’, ‘பாத்துப் பாத்து’ போன்றவையும் இவ்வாறே காக்கப்பட வேண்டியவை.

பேசியவர் சொல்லாமலே வருகிற இரட்டிப்பும் உண்டு. யாரும் பேசாத இடத்திலும், நீர்ப்பம்பு அல்லது உழவு இயந்திரத்தின் இரைச்சலிலும் சில மென்பொருள்கள் முந்தைய வரியையே பல தடவை எழுதிவிடும். ஒரு முழு வசனம் எழுத்துப் பிசகாமல் அடுத்தடுத்து வந்தால் ஐயப்படுங்கள். மனிதர் ஒரே நீண்ட வசனத்தைத் திரும்பச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு சொல்லாவது மாறும். நேரக்குறிப்பைப் பார்த்து அந்த இடத்தைக் கேளுங்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் அம்மப்பா உண்மையில் வேறெதையோ சொல்லியிருக்கவும் கூடும்.

இரட்டிப்புகளைத் தேடிப் பிடிக்க மட்டும் கணினியின் துணையைக் கொள்ளலாம். லிப்ரே ஆபிஸில் ‘Find & Replace’ பெட்டியைத் திறந்து, ‘Regular expressions’ என்பதைத் தெரிவுசெய்து, இதை இடுங்கள்:

```
(^|\s)(\S+?)[.,?]?\s+\2(?=[\s.,?]|$)
```

நடுவில் புள்ளி விழுந்திருந்தாலும் அடுத்தடுத்து வரும் ஒரே சொல்லை இது காட்டும். ‘வந்து. வந்துகொண்டே’ போல இரண்டாவது சொல் நீண்டிருந்தால் காட்டாது. ‘வான் பாயுது’ போன்ற இருசொல் அடுக்கையும் காட்டாது. ‘Replace All’ என்பதை அழுத்தாமல் ‘Find Next’ மூலம் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இனி நிறுத்தக்குறி. எழுத்தில் உள்ள ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். அது ‘சொல்லி’, ‘போய்’ போன்ற எச்சமாகவோ, ‘பாத்தா’ என்று நிபந்தனையாகவோ, ‘இரணைமடுவில’ என்று வேற்றுமை ஏற்ற பெயராகவோ இருந்தால் வசனம் பெரும்பாலும் முடியவில்லை. புள்ளியை எடுத்துத் தேவையான இடத்தில் காற்புள்ளி இடுங்கள். இதற்கு மாறான குறையும் உண்டு: ‘இருக்கு’ என்று வினை முடிந்த இடத்தில் மென்பொருள் புள்ளி வைக்காமல் ஓடிவிட்டது. ‘எண்டு’ வரும் இடமெல்லாம் அதற்கு முன்னால் பிறர் கூற்று இருக்கிறதா என்று பார்த்து மேற்கோள்குறி இடுங்கள். ‘வந்தவரோ’ என்பது நம் பேச்சில் வினா. ஓகாரத்தில் முடியும் இத்தகைய வினாக்களை மென்பொருள் அடிக்கடி தவறவிடுகிறது. முடிவில் நிற்கும் ‘என்ன’ கேட்பவரின் இசைவை நாடுவது. அதற்கும் வினாக்குறி வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் அந்த வரிகள் இவ்வாறு அமையும் (கேட்டபோது ‘தண்ணி வந்து’ தயக்கமே என்று தெரிந்ததாகவும், துருசு முன்பு பேசப்படவில்லை என்றும் கொள்கிறேன்):

> அப்ப இரணைமடுவில தண்ணி வந்துகொண்டே இருக்கு. “வான் பாயுது, வான் பாயுது” எண்டு சனம் எல்லாம் சொல்லி, நாங்கள் கட்டுக்கு ஓடிப் போய்ப் பாத்தா, துருசடியில ஒருத்தரும் இல்லை, என்ன? அப்பு வந்தவரோ? இல்லை, அப்பு வரேல்லை.

‘எண்டு’வை ‘என்று’ ஆக்கவில்லை, ‘வரேல்லை’யை ‘வரவில்லை’ ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை பிழைகள் அல்ல, வன்னியில் அவர் பேசும் தமிழ். மென்பொருள் சில இடங்களில் தானாகவே ‘என்று’ எனத் திருத்தியிருந்தால், ஒலிப்பதிவைக் கேட்டு அவர் சொன்னபடி மீட்டு எழுதுங்கள்.

‘ஓம்’ என்ற சொல்லையும் நிரப்புச் சொல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டு அதற்கு அவர் ‘ஓம்’ என்றால் அது முழு விடை. அவர் பேசும்போது நீங்கள் இடையிடையே ‘ஓம்… ஓம்’ கொட்டியதை மென்பொருள் அவருடைய வசனத்துக்குள்ளேயே செருகியிருக்கும். இரண்டு குரல்களையும் அது பிரித்துக் காட்டாதவிடத்து இது எளிதில் நேரும். உங்கள் குரலில் வரும் அந்த ‘ஓம்’களை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மென்பொருள் தந்த முதற் படியைத் திருத்தாமல் தனிக் கோப்பாக வையுங்கள். நேரக்குறிப்புகள் அதில்தான் முழுமையாக இருக்கும். திருத்திய படியை அம்மப்பாவுக்கே வாசித்துக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். காற்புள்ளி பிழைத்த இடத்தில் அவரே இடைமறித்து, “அப்பிடியில்லை, நான் சொன்னது…” என்று தொடங்குவார், அதையும் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

அன்புடன்.