அந்நிய முதலீடு: கூலி கூடுமா, தொழில் பரவுமா?

ஆரணி வாசகர்: வெளிநாட்டு நிதி நிறுவனம் நம் கம்பெனியின் பங்குகளைச் சந்தையில் வாங்கினால், அதுவும் நேரடி முதலீடுதானே?

பட்டியலிட்ட கம்பெனியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக வாங்கினால் அல்ல. அது நினைத்த நாளில் விற்றுவிட்டுப் போகிற பணம். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டாதீர்கள்.

செய்யாறு வாசகர்: தைவான்காரர்கள் இங்கே ஷூ ஆலை வைத்தது நம் சந்தையைப் பிடிக்கவா?

இல்லை. அந்த ஷூக்கள் முக்கியமாக ஏற்றுமதிக்கு. குறைந்த கூலியும் எட்டும் தூரத்தில் துறைமுகமும் தேடி வந்த முதலீடு அது. வந்தவர் சந்தை தேடி வந்தாரா, செலவைக் குறைக்க வந்தாரா என்பதை முதலில் கேளுங்கள். மற்ற பதில்கள் எல்லாம் அதைப் பொறுத்தவை.

குடியாத்தம் வாசகர்: அந்நிய ஆலை வந்தால் ஊரில் எல்லோருக்கும் கூலி உயரும் என்கிறார்களே?

யாருடைய கூலியை யாருடைய கூலியோடு ஒப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்நிய ஆலையில் 12,000, பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் 9,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த 3,000 வித்தியாசத்தில் ஒரு பகுதி, ஆலை பெரியது என்பதால் வருவது. அதே அளவுள்ள உள்ளூர் ஆலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இடைவெளி சுருங்கும். மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்நிய ஆலைகள் கூடுதலாகவே கொடுத்தன. ஆனால் பக்கத்து உள்ளூர் ஆலைகளின் கூலி அதனால் உயர்ந்ததாக ஆய்வில் தெரியவில்லை.

ஆம்பூர் வாசகர்: பக்கத்தில் அந்நிய ஆலை வந்துவிட்டால் தொழில்நுட்பம் தானாகப் பரவிவிடாதா?

இந்தத் 'தானாக' என்ற சொல்லோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறேன். அதே பொருளைச் செய்யும் போட்டியாளருக்கு அந்நிய ஆலை எதற்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? வெனிசுவேலா ஆலைகளை ஆராய்ந்த ஐட்கனும் ஹாரிசனும் 1999இல் எழுதியது இதுதான்: அந்நிய முதலீடு கூடிய தொழில்களில் உள்ளூர் ஆலைகளின் உற்பத்தித்திறன் குறைந்தது. காரணம் எளிது. ஆர்டர் கைமாறிப் போகிறது. வாடகையும் இயந்திரச் செலவும் மட்டும் அப்படியே நிற்கின்றன. செய்கிற ஒவ்வொரு பொருளின் மேலும் அந்தச் சுமை ஏறுகிறது.

தொழில்நுட்பம் பரவுவது அந்நிய ஆலைக்குச் சரக்குக் கொடுப்பவருக்கு. லிதுவேனியாவைப் பற்றி 2004இல் யாவோர்சிக் வெளியிட்ட ஆய்வு காட்டியதும் அதைத்தான். உள்ளூர்ப் பங்குதாரரோடு சேர்ந்து நடத்தப்பட்ட ஆலைகளால்தான் அந்தப் பயன் கிடைத்தது. முழுக்க அந்நியருடைய ஆலைகளால் அது தெரியவில்லை. ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் நானே பார்த்தேன். வாங்குபவரின் ஆய்வாளர் தோலின் ஓரத்தை அளவுகருவியில் வைத்துப் பார்த்தார். ஓரம் மெலிதாகச் சீவப்படாமல் தடித்திருந்த துண்டுகளைத் தனியே எடுத்துவைத்தார். பிறகு கத்தியை எப்படிச் சரிசெய்வது என்று மேஸ்திரிக்குக் காட்டிக் கொடுத்தார். சரக்கு தேறாவிட்டால் நஷ்டம் அவருக்கும்தான், அதனால் கற்றுக்கொடுத்தார். ஆலை அப்பரையும் சோலையும் வெளியிலிருந்தே இறக்குமதி செய்தால் இந்தப் பாடம் நடக்காது. திரும்பவும் சொல்கிறேன்: முதலீட்டுத் தொகையைக் கேட்காதீர்கள், உள்ளூரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

வேலூர் வாசகர்: பயிற்சி பெற்றவர்கள் விலகிப் போவதைத் தடுக்க வேண்டாமா?

வேண்டாம். 1979இல் வங்கதேசத்தின் தேஷ் என்ற ஆடை நிறுவனம் கொரியாவின் தேவூ நிறுவனத்திடம் 130 பேரைப் பயிற்சிக்கு அனுப்பியது. சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் விலகி, கற்றதை வேறு ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டின் ஏற்றுமதி ஆடைத் தொழில் பரவியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.