ஆன்லைன் கடை கூப்பனை யாராவது தப்பாகப் பயன்படுத்தினால், லாபம் கரைவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

மாசக் கடைசியில் லாப நட்டம் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மொத்தத் தள்ளுபடி எவ்வளவு என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கூப்பன் கோடையும் தனித்தனியாக வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஈரோட்டில் புடவை விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடைக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். முதல் ஆர்டருக்கு WELCOME15 என்று 15% தள்ளுபடி. 15 தானே என்று தோன்றும். வரி போக 1,000 ரூபாய்ப் புடவையில் கொள்முதல் 600, விளம்பரம் 100, கூரியரும் பேக்கிங்கும் 100, பேமென்ட் கேட்வே 20 போனால் நிற்பது 180. கோடு போட்டால் விலையில் 150 குறைந்து, கேட்வே 17 ஆகி, நிற்பது வெறும் 33. கேஷ் ஆன் டெலிவரி பார்சல் ஒன்று திரும்பி வந்தால் போக வர கூரியருக்கே 150க்கு மேல் போய்விடும். அதை ஈடுகட்ட இதுபோல் ஐந்து புடவை விற்கணும்.

எங்களிடம் மொத்த ஆர்டரில் இந்தக் கோடு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும். ஒரு கட்டத்தில் அது பாதியைத் தொட்டது. விளம்பர ஏஜென்சிக்காரருக்கு ஒரே குஷி, "புது கஸ்டமர் எப்படி ஏறுது பாத்தீங்களா சார்" என்றார். எனக்கு இடித்தது வேறு. தளத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை அசையவே இல்லை. ஆளே கூடாமல் புது ஆள் மட்டும் எப்படிக் கூடும்?

"ஒருவருக்கு ஒருமுறை" என்ற செட்டிங் போட்டுத்தான் இருந்தது. ஆனால் அது ஆளைப் பார்ப்பதில்லை, மெயிலையும் போன் நம்பரையும்தான் பார்க்கிறது. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தாலும் அதே இன்பாக்ஸுக்குத்தான் போகும், மென்பொருளுக்கோ அது வேறு ஆள். மாற்றச் சிரமமானது பார்சல் இறங்கும் வாசல்தான். அதனால் ஆர்டர்களை ஷீட்டில் இறக்கி, பின்கோடையும் கதவு எண்ணையும் ஒட்டி K என்ற பத்தியில் வைத்தேன். கோடு இருப்பது J பத்தி. ஒரே வாசலுக்கு அந்தக் கோடு எத்தனை முறை போயிருக்கிறது என்று இந்த ஃபார்முலா எண்ணும்.

```
=COUNTIFS(K:K,K2,J:J,"WELCOME15")
```

கதவு எண் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, அப்புறம் ஆர்டர்களை ஷீட்டில் இறக்குங்கள். இல்லாவிட்டால் 12/4 என்ற வீட்டை எக்செல் தேதியாக்கிவிடும். முகவரியை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவதால் இது எல்லாவற்றையும் பிடிக்காது. "இதெல்லாம் பெரிய கம்பெனியில் தானாகவே நடக்கும்" என்று கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: நடக்கட்டும், எங்களிடம் இருப்பது ஷீட்தான்.

எண்ணிக்கை மூன்றுக்கு மேல் வந்தவற்றைப் பிரித்தபோது கரூர்ப் பக்கம் ஒரே வீடு திரும்பத் திரும்ப வந்தது. வேறு வேறு பெயர், வேறு வேறு நம்பர், ராத்திரியில் சில நிமிட இடைவெளியில் ஆர்டருக்கு ஒரு புடவை. கூப்பிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் புடவை விற்கிற அக்கா. "ஏனுங்க, கோடு வாங்குச்சு, போட்டனுங்க. வாங்கலீன்னா போட்டிருப்பனுங்களா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதலாளி அந்த முகவரியையே பிளாக் பண்ணச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அதே 15%, ஆனால் குறைந்தது ஐந்து புடவை, ஒரே பார்சல், பணம் முன்னாடியே யூபிஐயில் என்று பேசி முடித்தோம். புடவைக்குக் கூரியரும் பேக்கிங்கும் 40க்கு இறங்கியது, கேட்வே செலவு இல்லை. நிற்பது 210. "அந்த அக்காவுக்கு விளம்பரச் செலவே ஆகலையே, பழைய கணக்கில் ஏன் 100 கழிக்கிறாய்" என்று கேட்பீர்கள். சரி, அதைச் சேர்த்தாலும் பழையபடி 133தான். ஆனால் அந்த ஆர்டர்களையும் தான் கூட்டிவந்த புது கஸ்டமர் என்று காட்டித்தான் ஏஜென்சி அந்த மாசம் பில் போட்டது. அதைக் கேட்கப் போனால் டாஷ்போர்டைத் திருப்பிக் காட்டுகிறார்கள். கூரியர்காரர்கள் வேறு, அரைக் கிலோ புடவையைப் பெட்டி அளவை வைத்து ஒரு கிலோ என்று பில் போடுகிறார்கள். அந்தக் கதையை எழுதினால் இன்னொரு பதில் ஆகும்.

ஒன்று மட்டும் கவனம். எண்ணிக்கை கூடினதுமே ஆர்டரை ரத்து செய்யாதீர்கள். இதே ஷீட்டில் கோயம்புத்தூர் லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றும் மூன்றைத் தாண்டி வந்தது. அங்கே பெயரும் நம்பரும் நிஜமாகவே வேறு, ஆர்டர்கள் பல வாரங்களாகப் பரவியிருந்தன, சிலர் அடுத்த புடவையை முழு விலைக்கே வாங்கியிருந்தார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கும் இதே கதைதான், அங்கே கதவு எண்ணோடு பிளாட் எண்ணையும் சேர்த்து ஒட்டுங்கள்.