"விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்கு நாங்கள் பேசி வைத்த ஒரே பதில்

கேள்வி: கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. போற இடமெல்லாம் சொந்தக்காரங்க "எப்ப நல்ல சேதி?"ன்னு கேக்கறாங்க. நான் ஒண்ணு சொல்றேன், அவர் ஒண்ணு சொல்றார், வீட்டுக்கு வந்து ரெண்டு பேருக்கும் சண்டை. எப்படிச் சமாளிக்கறது?

நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து கொழிஞ்சாம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டவள். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் போர்டெல்லாம் மலையாளம், வீட்டுக்குள் மட்டும் எங்கள் கொங்குத் தமிழ். வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சேச்சி வேலியோரம் நின்று "எந்தா மோளே விசேஷம்?" என்பார். அங்கே அது "என்ன சேதி" என்ற சாதாரண விசாரிப்பு. எனக்கோ வயிற்றைப் பார்த்துக் கேட்பது போலிருக்கும். ஒரு நாள் "ஒன்னுமில்ல சேச்சி" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பாவம், தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று தெரியாமல் அவர் முழித்தார்.

சண்டைக்கு வருகிறேன். கல்யாணமாகி 20 மாதம் இருக்கும். வீட்டுக்காரரின் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. அவள் மனையை விட்டு எழுந்ததும் அவருடைய பெரியம்மா என் கையைப் பிடித்து, "வா அம்மிணி, நீயும் உக்காரு, அடுத்தது உனக்குத்தான்" என்று உட்கார வைத்துவிட்டார். கன்னத்தில் சந்தனம், கையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். அத்தனை பேர் பார்க்க, "எப்பத்தான் கண்ணு?" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அவருக்கு வேலை நிரந்தரமாகட்டும்னு இருக்கோமுங்க." அதே நேரத்தில் வாசலில் அவருடைய மாமா ஒருவர் கேட்க, இவர் "தைக்குள்ள ஆயிருமுங்க மாமா" என்று சிரித்துச் சமாளித்திருக்கிறார்.

இரண்டு பதிலும் பந்தியில் சந்தித்தன. ஒருவர் வேலை என்கிறார், ஒருவர் தை என்கிறார், அப்படியானால் உண்மை வேறு எதுவோ என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வேறு எதுவோ, வழக்கம்போல, என் உடம்பில் வந்து நின்றது. ஒரு வாரத்தில் என் அம்மா போனில் அழுதார்: "உனக்கு ஏதோ கோளாறாமே, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" நாங்களோ அன்றிரவு பைக்கில் வரும்போதே தொடங்கிவிட்டோம். "என் வேலையை எதுக்கு இழுத்த?" "நீங்க எதுக்கு நாள் குறிச்சீங்க?"

சண்டை ஆறிய பிறகு உட்கார்ந்து யோசித்தால், இரண்டு பேருமே தப்பான சாமானைக் கையில் கொடுத்திருந்தோம். காரணம் சொன்னால் சொந்தக்காரர்கள் தீர்வோடு வருவார்கள். நிஜமாகவே அந்த மாமா கயிறு மில்லில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு வந்தார், இனிமேல் என்ன தடை என்று கேட்டார். கெடு சொன்னால் எண்ணிக்கொண்டிருப்பார்கள். தைப் பொங்கலன்று முதல் ஆளாகப் போன் வந்தது.

அதனால் காரணமும் இல்லாத, கெடுவும் இல்லாத, யார் பேரும் வராத ஒரு வாக்கியம் வேண்டும் என்று பேசினோம். நாலைந்து மாற்றிப் பார்த்தோம். "கடவுள் குடுக்கும்போது" என்றால் கோயில் பட்டியல் வந்துவிடும். "இப்ப வேண்டாம்னு இருக்கோம்" என்றால் யார் வேண்டாம் என்றது என்று அடுத்த கேள்வி. கடைசியில் நின்றது இதுதான்: "நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோமுங்க. சேதி இருந்தா மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவோம்." யார் கேட்டாலும் இதே வார்த்தைகள். மறுபடி கேட்டாலும் அதுவேதான், குரல் ஏறாமல். மூன்றாவது தடவை டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்பது கேட்பவருக்கே சலிப்பு. சுவாரசியமே பதில் மாறுவதில்தான்.

யார் சொல்வது என்பதும் முக்கியம். அவர் வீட்டு ஆட்களுக்கு அவர், என் வீட்டு ஆட்களுக்கு நான். இதை முதலில் செய்யத் தவறினோம். ஒரு கல்யாணத்தில் பெரியம்மா கேட்டபோது இவர் வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் "அவளைக் கேளுங்க" என்று சிரித்தார். அந்த இரண்டு சொல்லில் மொத்தப் பாரமும் என் தலையில் வந்துவிட்டது. மருமகள் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்றாகும், பெற்ற பிள்ளை சொன்னால் குடும்ப முடிவு என்றாகும். அவர் பேசாமல் இருந்தாலும் என் மேல்தான் விழும், அவருக்கும் வருத்தம்தான் போல என்று படித்துக்கொள்வார்கள். அடுத்த தடவை அவர் என் பக்கத்தில் வந்து நின்று "நாங்க" என்று ஆரம்பித்தார். பெரியம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி சாமி" என்று விட்டுவிட்டார்.

இந்த வாக்கியம் வெளியாட்களுக்கு மட்டும்தான், உங்கள் இரண்டு பேருக்குள் அதை வைத்து மூடிவிடாதீர்கள். தள்ளிப்போடுகிறீர்களா, முயற்சி செய்கிறீர்களா என்பதில் உங்களுக்குள் ஒரே கருத்து இல்லையென்றால் எந்த வாக்கியமும் நிற்காது. முயற்சி செய்து 12 மாதம் ஆகியும் உண்டாகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே. இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும், தனியாகவோ பெண் பக்கத்தோடு சேர்ந்தோ, இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை விந்துப் பரிசோதனைதான். அதை விட்டுவிட்டு மனைவியை மட்டும் மாசக்கணக்கில் ஸ்கேனுக்கு அலைய விடும் வீடுகளை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

பரிசோதனைக்குப் போனால் யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். நாங்கள் இரண்டு அம்மாக்களிடமும் ஒரே நாளில், "டாக்டரைப் பாக்கறோம், பயப்பட ஒன்னுமில்ல" என்பதோடு நிறுத்தினோம். ரிப்போர்ட்டைக் காட்டவில்லை, யாருக்கு என்ன என்றும் சொல்லவில்லை. ஒரு அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தால் இன்னொருவர் வேறு வாய் வழியாகக் கேட்டிருப்பார். அத்தைக்குக் கொஞ்ச நாள் வருத்தம்தான். ஆனால் அடுத்த முறை யாரோ கேட்டபோது, "அவங்க பேசி வச்சிருக்காங்க, நீ எதுக்குக் கேக்கறே?" என்று அவரே சொன்னது என் காதில் விழுந்தது.

ஒரே ஒருவருக்கு இந்தப் பதிலைச் சொல்லாதீர்கள், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிக்கு. அவர் நோட்டோடு வந்து மாதவிலக்குத் தேதி, மருந்து, தள்ளிப்போடுகிறீர்களா என்று கேட்பது அவர் வேலை. உள்ளதைச் சொல்லுங்கள். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுக்க வேண்டும் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

இதெல்லாம் படித்துவிட்டு, அப்போ உங்களுக்குக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோமுங்க.